99 மூட்டை அறுத்து 104 மூட்டை விற்க முடியுமா?

வாசகர் கடிதம்

அய்யா, நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். திருவாரூர் மாவட்டத்தில் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் கூட்டுப் பட்டாவில் 1 ஹெக்டேர் 33.80 ஏர் நஞ்சை. அப்பா காலமான பிறகு சாகுபடி முழுக்கச் சித்தப்பா கையில். பாதி எங்களுக்கு என்பது பேச்சு. 2025 பிப்ரவரியில் அறுத்த சம்பா கணக்கை (சன்னரகம்) நோட்டில் எழுதிப் படம் எடுத்து அனுப்பினார்:

"9 மா நடவு. மாவுக்கு 11 மூட்டை, ஆக 99. நிலையத்தில் போட்டது 104 மூட்டை, வரவு 96,512. வியாபாரிக்கு 16 மூட்டை, 1,150 வீதம் 18,400. வீட்டுக்கு 6 மூட்டை. விதைக்கு 2 கலம். கோயிலுக்கு 1 கலம்."

அறுத்ததே 99 என்றால் நிலையத்துக்கு மட்டும் 104 எங்கிருந்து வந்தது? உடன் வேலை பார்க்கும் திருவண்ணாமலைக்காரர் மூட்டை என்றால் 75 கிலோ என்கிறார். அப்படிப் பார்த்தால் 7,425 கிலோ. ஏக்கருக்கு இருபத்திரண்டரை குவிண்டால். குவிண்டால் 2,450 வீதம் 1,81,912 ரூபாய் வரவேண்டும். நோட்டில் இருப்பது 1,14,912. அறுபத்தேழாயிரம் குறைகிறது. வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாமா?

பதில்

நோட்டீஸை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள் அம்மா. அந்த அறுபத்தேழாயிரத்தில் பெரும்பகுதி நெல்லாக விளையவே இல்லை. உங்கள் பெருக்கலில்தான் விளைந்திருக்கிறது. அதற்காகச் சித்தப்பாவின் கணக்கு முழுக்கச் சரி என்றும் சொல்லமாட்டேன். நீங்கள் கேட்காத இரண்டு இடங்களில் அவரிடம் விளக்கம் கேட்டாக வேண்டும். அதற்கு முன் நோட்டில் உள்ள எல்லாவற்றையும் கிலோவுக்குக் கொண்டுவந்து விடுவோம்.

ஒரே நோட்டில் இரண்டு மூட்டை

உங்கள் சித்தப்பா "மூட்டை" என்று ஒரே சொல்லைத்தான் எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறார். எடை ஒன்றல்ல. உங்கள் ஊர்ப் பக்கம் களத்தில் கட்டும் மூட்டை இரண்டு கலம், சுமாராக 60 கிலோ. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லைத் தூற்றி, அவர்கள் தரும் சாக்கில் 40 கிலோவாகப் பிடித்துத் தைப்பார்கள். சிப்பம் என்று சொல்வது அதைத்தான். விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் மூட்டை 75 கிலோ. உங்கள் நண்பர் அவர் ஊருக்குச் சரியாகத்தான் சொன்னார். அந்த அளவை டெல்டா நோட்டில் போட்டதுதான் வினை.

ஆகவே 99 என்பது களத்து மூட்டை: 99 × 60 = 5,940 கிலோ. 104 என்பது சிப்பம்: 104 × 40 = 4,160 கிலோ. 99 மூட்டை அறுத்தவர் 104 சிப்பம் போட்டதில் அதிசயம் ஒன்றுமில்லை. அறுத்ததில் சுமார் பத்தில் ஏழு பங்கு நிலையத்துக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

வியாபாரிக்குப் போன 16 மூட்டை களத்து மூட்டைதான். ஆனால் வியாபாரி 60 கிலோவுக்கு விலை பேசி 62 கிலோ நிறுப்பது அந்தப் பக்கத்து வழக்கம். சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று காரணம் சொல்வார்கள். ஆக அங்கே போனது 960 கிலோ அல்ல, 992 கிலோ என்று வைத்துக்கொள்வதே பத்திரம்.

கலம் இன்னும் நழுவும். 12 மரக்கால் ஒரு கலம் என்பது கொள்ளளவு, எடை அல்ல. குண்டு நெல்லுக்கும் சன்ன நெல்லுக்கும், ஈர நெல்லுக்கும் காய்ந்த நெல்லுக்கும் மரக்காலின் எடை மாறும். இங்கே 30 கிலோ என்று எடுத்துக்கொள்கிறேன். வீட்டில் மரக்கால் இருந்தால் உங்கள் நெல்லையே தலைவழித்து அளந்து, தராசில் வைத்து, 12-ஆல் பெருக்கிப் பாருங்கள். 28 அல்லது 29 வந்தால் அதையே போடுங்கள். மொத்தமே மூன்று கலம்தான் என்பதால் கணக்கு இதில் கவிழ்ந்துவிடாது.

நட்ட நிலம் எவ்வளவு?

டெல்டாவில் குழி என்பது 12 அடிக்கு 12 அடி, அதாவது 144 சதுர அடி. நூறு குழி ஒரு மா: 14,400 சதுர அடி, அதாவது 33 சென்ட்டும் கொசுறும். உங்கள் பட்டாவில் உள்ள 1 ஹெக்டேர் 33.80 ஏரை ஏக்கராக்கினால் 3.306 வருகிறது. அது சரியாகப் பத்து மா. பட்டாவில் உள்ள ஏர் என்பது 100 சதுர மீட்டர், ஏறக்குறைய இரண்டரை சென்ட். அதை சென்ட் என்று படித்துக் குழம்புகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். நீங்கள் அதில் தவறவில்லை.

தவறியது வேறிடத்தில். விளைச்சலை வகுத்தது பட்டா நிலத்தால். நோட்டில் நடவு 9 மா என்றுதான் இருக்கிறது. 9 மா என்றால் 2.975 ஏக்கர். மிச்சம் ஒரு மா என்ன ஆயிற்று என்பது நியாயமான கேள்வி. களமாக இருக்கலாம், திடலாக இருக்கலாம், வாய்க்கால் வரப்பாக இருக்கலாம். கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலில் ஒவ்வொரு புல எண்ணுக்கும் என்ன பயிர், எவ்வளவு பரப்பு என்று அந்தப் பருவத்துக்குப் பதிவாகி இருக்கும். அதில் நெல் 1 ஹெக்டேர் 20 ஏர் அளவில் இருந்தால் 9 மா என்பது உண்மை. 1 ஹெக்டேர் 33 ஏர் என்று இருந்தால் ஒரு மாவின் நெல் கணக்குக்கு வரவில்லை என்று கேட்கலாம். ஆனால் அடங்கலை ஆள் வயலுக்குப் போகாமல் பட்டாப் பரப்பை அப்படியே இறக்கி எழுதுவதும் நடக்கிறது. அதனால் அதை மட்டும் வைத்துச் சண்டைக்குப் போகாதீர்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அந்த ஒரு மாவைக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

மிச்சம் எங்கே போனது?

இப்போது போன நெல்லைக் கூட்டுவோம்.

- நிலையம்: 104 சிப்பம், 4,160 கிலோ
- வியாபாரி: 16 மூட்டை, 992 கிலோ
- வீடு: 6 மூட்டை, 360 கிலோ
- விதை, கோயில்: 3 கலம், 90 கிலோ

மொத்தம் 5,602 கிலோ. அறுத்தது 5,940. இடையில் 338 கிலோ காணோம். ஐந்தரை மூட்டைக்கும் மேல். இதைப் பார்த்ததும் உங்களுக்கு மறுபடி சந்தேகம் கிளம்பும். கொஞ்சம் பொறுங்கள்.

அந்த 99 மூட்டை அறுவடை இயந்திரம் கொட்டிய அன்றைய ஈர நெல். நிலையத்தில் எடுத்துக்கொள்ளும் ஈரப்பத வரம்பு 17 சதவீதம். சம்பா வயலிலிருந்து நேராக வரும் நெல்லில் 20 சதவீதம் ஈரம் இருந்தது என்று வையுங்கள். நூறு கிலோவில் 20 கிலோ தண்ணீர், 80 கிலோ காய்ந்த சரக்கு. 17 சதவீதத்துக்குக் காய்ந்த பிறகு அதே 80 கிலோ சரக்குதான் மொத்த எடையில் 83 சதவீதமாக நிற்கும். எனவே ஈர எடையை 80-ஆல் பெருக்கி 83-ஆல் வகுக்க வேண்டும். 20-லிருந்து 17-ஐக் கழித்து மூன்று சதவீதம் குறையும் என்று போடுகிறவர்கள் உண்டு. உண்மையில் குறைவது 3.6 சதவீதம்.

வியாபாரி ஈரத்தோடேயே எடுத்துப் போயிருப்பார். அவருடைய 992 கிலோவைக் கழித்தால் காயவைத்தது 4,948 கிலோ. காய்ந்தபின் அது 4,769 கிலோ. காய்ந்த நெல்லாகச் செலவானது நிலையம், வீடு, விதை, கோயில் எல்லாம் சேர்த்து 4,610. வித்தியாசம் 159 கிலோ. காய்ந்த நெல் முழுவதையும் தூற்றும்போது பதரும் தூசியும் நூற்றுக்கு இரண்டு போனால் அதில் 95 கிலோ அடிபடும். மிஞ்சுவது 64 கிலோ, ஒரு மூட்டை.

அந்த ஒரு மூட்டையைத் துரத்தாதீர்கள். களத்தில் மூட்டையை யாரும் நிறுப்பதில்லை. சாக்கு நிரம்பியதும் கட்டிவிடுவார்கள். மூட்டைக்கு ஒரு கிலோ கூடக்குறைய இருந்தாலே 99 கிலோ ஆடும். ஈரம் 20 இல்லாமல் 19 என்று வைத்தாலும் மிச்சம் இரண்டு மூட்டைதான். இந்த நோட்டை வைத்து அதற்குக் கீழே எதையும் நிரூபிக்க முடியாது. வித்தியாசம் எட்டு மூட்டை, பத்து மூட்டை என்று வந்திருந்தால் நானே கேட்கச் சொல்லியிருப்பேன்.

ஏக்கர் விளைச்சலையும் இதிலேயே முடித்துவிடலாம். வியாபாரி எடுத்ததையும் 17 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் காய்ந்து தூற்றிய நெல் மொத்தம் ஏறத்தாழ 5,566 கிலோ. 2.975 ஏக்கருக்கு என்றால் ஏக்கருக்கு 1,870 கிலோ. பதினெட்டே முக்கால் குவிண்டால், அல்லது ஊர்க் கணக்கில் 31 மூட்டை. நீங்கள் சொன்ன இருபத்திரண்டரைக்கு இது குறைவுதான். ஆனால் சன்னரக சம்பாவுக்கு இது வழக்கமான மகசூல். மறைத்துவைத்துக் காட்டும் மகசூல் போல எனக்குத் தெரியவில்லை.

வகுத்துப் பார்த்த இடத்தில்தான் சிக்கியது

வரவுக் கணக்கைச் சரிபார்க்கப் பெருக்கிப் பார்ப்பதைவிட வகுத்துப் பார்ப்பது நல்லது. நோட்டில் எழுதிய தொகையை எடையால் வகுங்கள். என்ன விலைக்குப் போனது என்பதை அந்தத் தொகையே சொல்லிவிடும்.

நிலையத்து வரவு 96,512. எடை 41.60 குவிண்டால். வகுத்தால் சரியாக 2,320 வருகிறது, பைசா பிசகாமல். 2024-25 பருவத்தில் சன்னரகத்துக்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை அதுதான். தமிழக அரசு அதன்மேல் குவிண்டாலுக்கு 130 ரூபாய் ஊக்கத்தொகை சேர்த்து 2,450-ஆகக் கொடுத்தது. நீங்கள் போட்ட விலை சரி. அப்படியானால் 41.60 × 2,450 = 1,01,920 வந்திருக்க வேண்டும். குறைவது 5,408 ரூபாய். முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

இதற்கு என்ன பதில் வரும் என்று என்னால் ஓரளவு ஊகிக்க முடிகிறது. 5,408-ஐ 104 சிப்பத்தால் வகுத்தால் சிப்பத்துக்கு 52 ரூபாய். "நிலையத்தில் இறக்க, தூற்ற, தைக்க என்று மூட்டைக்கு ஐம்பது ரூபாய் கையிலிருந்து போயிற்று, அதைக் கழித்து எழுதினேன்" என்று சொல்லலாம். பல ஊர்களில் விவசாயிகள் சொல்லும் குறைதான் இது, பொய் என்று தள்ளிவிட முடியாது. ஆனாலும் கணக்கில் அதை எழுதும் முறை வேறு. வங்கிக்கு வந்தது முழுதாக வரவில் இருக்க வேண்டும், கையிலிருந்து போனது செலவில் தனியாக இருக்க வேண்டும். வரவையே சுருக்கி எழுதிவிட்டு, செலவுப் பக்கத்திலும் "நிலையச் செலவு" என்று இருந்தால் அந்தத் தொகை இரண்டு முறை கழிந்திருக்கிறது. செலவுப் பக்கத்தின் படத்தை நீங்கள் எனக்கு அனுப்பவில்லை. அதில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

விலையைப் பற்றி இன்னொன்று. 2025 செப்டம்பர் 1-இல் தொடங்கிய பருவத்தில் சன்னரகத்துக்குத் தமிழகத்தில் 2,545 ரூபாய், பொதுரகத்துக்கு 2,500 என்று விலை வைத்தார்கள். பிப்ரவரியில் போட்ட நெல்லுக்கு அந்த விலையைக் கேட்டுவிடாதீர்கள். ரகத்தையும் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். நிலையத்து ரசீதில் பொதுரகம் என்று இருந்தால் அந்தப் பருவத்து விலை 2,405 மட்டுமே.

வியாபாரிக்குப் போன 16 மூட்டையில் வேறு விஷயம் இருக்கிறது. 1,150-ஐ 62-ஆல் வகுத்தால் கிலோ பதினெட்டரை ரூபாய். நிலையத்தில் கிலோ இருபத்து நாலரை. ஈரத்தைக் கழித்துப் பார்த்தாலும் மூட்டைக்கு முந்நூறு ரூபாய்க்கு மேல் இழப்பு, பதினாறு மூட்டைக்கு ஐயாயிரம். இது நட்டம்தான், ஏமாற்று அல்ல. இயந்திரக்காரருக்கு அன்றே ரொக்கம் கொடுக்க வேண்டும், வானம் கறுத்துக்கொண்டு வரும், நிலையத்தில் முறை வர நாளாகும். ஈர நெல்லை அப்படியே ஏற்றிக்கொண்டு கையில் பணம் வைக்கிற வியாபாரியிடம் கொஞ்சம் தள்ளிவிடுவது களத்தில் நிற்கிறவர் எடுக்கும் முடிவு. அடுத்த முறை அவசரச் செலவுக்கு நீங்கள் முன்பணம் அனுப்பினால் இந்த ஐயாயிரத்தைக் காப்பாற்றலாம்.

இரண்டாவதாகக் கேட்க வேண்டியது வைக்கோல். 9 மா வைக்கோலுக்கு நோட்டில் ஒரு வரிகூட இல்லை. கட்டு கட்டி விற்றாரா, மாட்டுக்கு வைத்துக்கொண்டாரா, வயலிலேயே விட்டாரா? மூன்றில் எது என்றாலும் எழுதியிருக்க வேண்டும்.

ஆக ரொக்க வரவு 1,01,920-உம் 18,400-உம் சேர்த்து 1,20,320. வீட்டுக்கும் விதைக்கும் கோயிலுக்கும் போன 450 கிலோவுக்கு நிலையத்து விலை போட்டால் 11,025. மொத்த வரவு 1,31,345, வைக்கோல் தனி. வீட்டு நெல் பணமாக வராவிட்டாலும் பாதிப் பங்கு என்ற பேச்சில் அதுவும் சேரும். உங்கள் வீட்டுக்கும் அதில் அரிசி வந்திருந்தால் அதையும் ஒளிக்காமல் எழுதுங்கள். செலவு போகத்தான் பங்கு என்பதால் உங்கள் கைக்கு வர வேண்டியது இதில் பாதியை விடக் குறைவாகவே இருக்கும். சித்தப்பாவின் உழைப்புக்கு என்ன என்று இதுவரை பேசியிருக்கிறீர்களா என்பதும் உங்கள் கடிதத்தில் இல்லை.

நோட்டீஸ் பற்றி

கூட்டுச் சொத்தை ஒருவர் பார்த்துக்கொண்டால் மற்ற பங்குதாரர் கணக்குக் கேட்கலாம். அந்த உரிமை உங்களுக்கு இருக்கிறது. ஒத்துவராவிட்டால் பாகப்பிரிவினை வழக்கிலேயே வருமானக் கணக்கையும் சேர்த்துக் கேட்க முடியும். ஆனால் அறுபத்தேழாயிரம் என்று எழுதி நோட்டீஸ் போனால் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கும் முதல் கேள்வி "இந்த 75 கிலோ எங்கிருந்து வந்தது?" என்பதாகத்தான் இருக்கும். அந்த ஒரு தவறில் உங்கள் நியாயமான 5,408-உம் சேர்ந்து அடிபட்டுப் போகும். இந்தத் தொகைக்கு நீதிமன்றம் போவதில் எனக்கு உடன்பாடும் இல்லை.

சித்தப்பாவிடம் மூன்று காகிதங்களை மட்டும் கேளுங்கள்: நிலையத்து ரசீது, பணம் வரவான வங்கிப் புத்தகப் பக்கத்தின் நகல், செலவுப் பக்கம். ரசீதில் சிப்பம், எடை, ரகம் மூன்றும் தெரிந்துவிடும். "சந்தேகம்" என்ற சொல்லை எடுக்காமல், "சித்தப்பா, ஊக்கத்தொகை எந்த வரியில் இருக்கிறது, எனக்குப் புரியவில்லை" என்று கேட்டால் போதும். காகிதத்தைத் தரமாட்டேன் என்றால் அப்போது நோட்டீஸ், அதிலும் தொகை குறிப்பிடாமல் கணக்கு கேட்டு.

அடுத்த சம்பாவுக்கு

நோட்டில் ஒவ்வொரு வரியிலும் மூட்டைக்குப் பக்கத்தில் கிலோவையும் எழுதச் சொல்லுங்கள். களத்தில் கட்டிய மூட்டையில் ஐந்தாறை மட்டும் நிறுத்துச் சராசரியைக் குறித்துவைத்தால் போதும், எல்லாவற்றையும் நிறுக்க வேண்டாம். நிலையத்தில் ஈரமானி காட்டிய எண்ணையும் எழுதிவைக்கட்டும்.

அறுவடை நேரத்தில் ஊரில் இருக்க முடிந்தால் நீங்களே ஒரு சோதனை செய்யலாம். பயிர்க் காப்பீட்டுக்காகக் கிராமம் கிராமமாக அரசு அலுவலர்கள் செய்யும் பயிர் அறுவடைப் பரிசோதனையின் சுருக்கம்தான் இது. வரப்போரமாக இல்லாமல் வயலின் உள்ளே 5 மீட்டருக்கு 5 மீட்டர் கயிறு கட்டி, அதற்குள் இருக்கும் பயிரை மட்டும் கையால் அறுத்து அடித்துத் தூற்றி நிறுங்கள். அந்தக் கிலோவை 400-ஆல் பெருக்கினால் ஒரு ஹெக்டேருக்கு, 162-ஆல் பெருக்கினால் ஒரு ஏக்கருக்கு, 53.5-ஆல் பெருக்கினால் ஒரு மாவுக்கு உரிய விளைச்சல். நல்ல வயல் ஒன்று, சுமாரான வயல் ஒன்று என இரண்டு மூன்று இடத்தில் எடுத்துச் சராசரி போடுங்கள். ஒரே இடத்தை நம்பினால் ஏமாந்துபோவீர்கள். மாவுக்கு 11 மூட்டை என்று சித்தப்பா சொன்னால் உங்கள் கயிற்றுக்குள் 12 கிலோ 300 கிராம் ஈர நெல் இருக்க வேண்டும். இயந்திரம் வயலில் சிந்துவது கையறுப்பில் இருக்காது என்பதால் உங்கள் எண் அவருடையதைவிட அரைக் கிலோ கூடி வந்தாலும் அவர் சொன்னது சரிதான். 15, 16 கிலோ என்று வந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.